ஐ.எல்.ஆர். எண் தப்பினால்: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

பல வருடங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தேன். தடுப்பூசி அறைச் சாவி பெரும்பாலும் என் சட்டைப்பையில்தான் இருக்கும். ஐ.எல்.ஆர். என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை எண்ணைப் பற்றி, புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எண் எட்டைத் தாண்டிட்டா என்ன செய்யணும்?" இரண்டுக்குக் கீழே போனால் என்ன செய்வது என்று அநேகமாக யாரும் கேட்டதில்லை. தடுப்பூசி சத்தமில்லாமல் கெட்டுப்போவது அந்தப் பக்கத்தில்தான். அதனால் வழக்கமான வரிசையை மாற்றி, குளிர் அதிகமாகும் கோளாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நிலையத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஐ.எல்.ஆர். என்பது சுவருக்குள் பனிக்கட்டிப் படலம் வைத்த, மேலே திறக்கும் பெட்டி. அதில் 2 முதல் 8 டிகிரி இருக்க வேண்டும். தடுப்பூசி எல்லாம் அதில்தான். டீப் ஃப்ரீசர் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை போகும். அது நமக்கு ஐஸ்பேக் உறைய வைக்க மட்டும். ஐ.எல்.ஆர். பழுதானால் "தற்காலிகமா ஃப்ரீசர்ல வைங்க" என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

அறிகுறி 1: எண் 2-க்குக் கீழே நிற்கிறது

ஜனவரி மாதம், மலையடிவாரத்தில் இருந்த ஒரு நிலையம். திங்கள் காலை 9.15-க்கு அறையைத் திறந்தேன். திரையில் 1.6.

முதல் வேலை, மூடியைத் திறக்காமல் எண்ணையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவது. திறந்து பார்த்துவிட்டு எழுதினால், வெளிக்காற்று உள்ளே போன பிறகு வந்த எண்ணைத்தான் எழுதுவீர்கள். இரண்டாவது வேலை, வெப்பநிலையை இரவும் பகலும் தானாகப் பதிவு செய்யும் டேட்டா லாகரின் வரலாற்றைப் பார்ப்பது. நாம் ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் எழுதுகிறோம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் உள்ள பதினாறு, பதினேழு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று காகிதத்துக்குத் தெரியாது. லாகருக்குத் தெரியும். அன்று அது காட்டியது: பின்னிரவு 2.10 முதல் 5.40 வரை பூஜ்யத்துக்குக் கீழே, மிகக் குறைந்த அளவு மைனஸ் 1.3.

உலக சுகாதார நிறுவனம் ஏற்ற லாகர்களில் எச்சரிக்கை அடிப்பதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தால் ஒன்று, மைனஸ் 0.5 அல்லது அதற்குக் கீழே 1 மணி நேரம் இருந்தால் மற்றொன்று. வெப்பத்துக்குப் பத்து மணி நேரம் தருகிறார்கள், உறைநிலைக்கு ஒரே ஒரு மணி நேரம். எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்பதை இந்த வித்தியாசமே சொல்லிவிடும். எனக்கும் அன்று விடியற்காலை குறுஞ்செய்தி வந்திருந்தது. கைபேசி சைலண்டில் கிடந்தது.

காரணம் என்ன? தடுப்பூசியில் இரண்டு சாதி. ஓ.பி.வி., எம்.ஆர்., பி.சி.ஜி. போன்றவை வெப்பத்துக்குப் பயந்தவை, உறைந்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. (அவற்றைக் கரைக்கும் டைலுவென்ட் குப்பி உறைந்தால் விரிசல் விடும், அது வேறு.) பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி, டி.பி.டி., டி.டி., பி.சி.வி. ஆகியவை உறைந்தால் போச்சு. இவற்றில் மருந்து ஓர் அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். உறையும்போது துகள்கள் ஒன்றோடொன்று கட்டியாகச் சேர்ந்துவிடும். உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடி பால்போலத்தான் இருக்கும், ஆனால் வீரியம் போயிருக்கும். ஹெபடைட்டிஸ் பி மைனஸ் 0.5 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வி.வி.எம். என்ற நிறம் மாறும் குறி வெப்பத்தை மட்டும்தான் கணக்குப் பார்க்கும். உறைந்து கெட்ட குப்பியிலும் உள்சதுரம் பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கும். "வி.வி.எம். நல்லா இருக்கே" என்று இந்த இடத்தில் யாராவது சொன்னால் அது பதிலே இல்லை.

சரி, அந்த ஐ.எல்.ஆருக்கு என்ன ஆகியிருந்தது? பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். நவம்பர் தொடக்கத்தில் காலை எண்கள் 4.6, 4.4 என்று இருந்தன. டிசம்பர் நடுவில் 3.5, 3.3. ஜனவரி முதல் வாரத்தில் 2.6, 2.4. இரண்டு மாதமாக எண் படியிறங்கி வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் 2-க்கு மேலே இருந்ததால் யாரும் பேசவில்லை, என்னையும் சேர்த்துத்தான். கோடைக்காலத்தில், மே மாதம் என்று நினைக்கிறேன், வெயில் பொறுக்காமல் யாரோ தெர்மோஸ்டாட் திருகியைக் கூடுதல் குளிருக்குத் திருப்பியிருக்கிறார்கள். குளிர்காலம் வந்ததும் திருப்பி வைக்கவில்லை. இதுவே இந்தக் கோளாற்றின் மிகச் சாதாரணமான காரணம்.

இதோடு என் தவறும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை மாலை மாவட்டக் கிடங்கிலிருந்து சரக்கு வந்தது. கூடை நிறைந்துவிட்டது. மிச்சமிருந்த ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட் பெட்டிகளைத் திங்கட்கிழமை சரிசெய்துகொள்ளலாம் என்று கூடைக்கு அடியில், பெட்டியின் தரையில் வைத்துவிட்டேன். குளிர்காற்று கனமானது, கீழேதான் இறங்கும். ஐ.எல்.ஆரில் மிகக் குளிர்ந்த இடம் தரையும் சுவரை ஒட்டிய பகுதியும். லாகரின் உணர்முனை கூடையின் நடுவில் இருந்தது. அங்கேயே மைனஸ் 1.3 என்றால் தரையில் இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் எந்தத் தடுப்பூசியையும் தரையில் வைக்கக் கூடாது என்கிறார்கள். கூடை இல்லாவிட்டால், காலி ஐஸ்பேக்குகளை இரண்டு அடுக்காகத் தரையில் பரப்பி அதன் மேல் வைக்க வேண்டும். கூடைக்குள்ளும் வெப்பத்துக்குப் பயந்தவை கீழே, உறைநிலைக்குப் பயந்தவை மேலே.

அன்று செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கோல்ட் பாக்ஸ், அதாவது மின்சாரம் இல்லாமல் ஐஸ்பேக்கால் குளிர் காக்கும் பெட்டி. பதமாக்கிய ஐஸ்பேக் வைத்து, தடுப்பூசிகளை அதற்கு மாற்றினோம். பதமாக்குவது என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன். உறைநிலைச் சந்தேகம் உள்ளவற்றைத் தனியாகப் பையில் போட்டு, "பரிசோதனை முடியும்வரை பயன்படுத்தக் கூடாது" என்று எழுதி ஒட்டினோம். மருத்துவ அலுவலரிடம் சொன்னேன். மாவட்டத்துக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் நேரத்தோடு எழுதினேன்.

அப்புறம் தெர்மோஸ்டாட். பழைய வகைப் பெட்டிகளில் எண்ணிட்ட திருகி இருக்கும், பெரும்பாலும் எண் கூடினால் குளிர் கூடும். ஒரு படி மட்டும் குறைத்துவிட்டு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மதியத்துக்குள் எண் ஏறவில்லையே என்று இன்னொரு படி திருகினால் மறுநாள் 9-ல் நிற்கும். புதிய வகைகளில் திருகி மூடி வைக்கப்பட்டிருக்கும். அதில் கை வைக்காமல் குளிர்சாதன மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவதாக, குலுக்கல் பரிசோதனை. செவ்வாய் கழிந்தால் புதன்கிழமை. தமிழ்நாட்டில் புதன் என்றால் தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியர்கள் காலை எட்டரைக்கே, முகாமுக்குத் தடுப்பூசி எடுத்துப்போகும் கேரியர் பெட்டியோடு வந்து நிற்பார்கள். அதற்குள் எது நல்லது, எது கெட்டது என்று தெரிந்தாக வேண்டும்.

குலுக்கல் பரிசோதனை, செய்யும் முறை

இதைச் செய்ய ஒரு நல்ல குப்பியைப் பலி கொடுக்க வேண்டும். பலர் தயங்கும் இடம் இதுதான். சந்தேகத்துக்குரிய சரக்கின் அதே தடுப்பூசி, அதே தயாரிப்பாளர், அதே தொகுதி எண் உள்ள ஒரு குப்பியை எடுத்து, அதன் மேல் "உறைந்தது" என்று பேனாவால் பெரிதாக எழுதுங்கள். டீப் ஃப்ரீசரில் ஒரு முழு இரவு வைத்துக் கல்லாக உறைய விடுங்கள். காலையில் எடுத்து, சாதாரண அறை வெப்பத்தில் தானாக உருக விடுங்கள். வெந்நீரில் போடக் கூடாது, கையில் வைத்துத் தேய்க்கவும் கூடாது. இதுதான் ஒப்பீட்டுக் குப்பி.

சந்தேகக் குப்பியை மிகக் குளிர்ந்த இடத்திலிருந்து எடுங்கள். தரையில் இருந்த பெட்டியிலிருந்து ஒன்று, கூடையின் மேல்தட்டிலிருந்து ஒன்று என்று இடத்துக்கு ஒன்றாக எடுத்தால் இன்னும் நல்லது. இரண்டு குப்பிகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து 10 முதல் 15 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். ஒரே கையில் பிடிக்கச் சொல்வது இரண்டும் ஒரே அளவு குலுங்க வேண்டும் என்பதற்காக. பிறகு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரைமணி நேரம் வரை கவனியுங்கள். கண் மட்டத்துக்குக் குனிந்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்ப்பது நல்லது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒப்பீட்டுக் குப்பியில் கட்டியான துகள்கள் சீக்கிரம் அடியில் படியும். மேலே தண்ணீர்போலத் தெளியும். சந்தேகக் குப்பி அதைவிட மெதுவாகப் படிந்தால் அது உறையவில்லை, பயன்படுத்தலாம். அதே வேகத்திலோ இன்னும் வேகமாகவோ படிந்தால் உறைந்து கெட்டுவிட்டது. ஒரு தயாரிப்பாளரின் தடுப்பூசி படியும் வேகமும் இன்னொருவருடையது படியும் வேகமும் ஒன்றல்ல. போன வருடம் வேறு தொகுதியில் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பீட்டுக் குப்பி இல்லாமல் தீர்ப்புச் சொல்வது அதனால்தான் வீண்.

குப்பி இப்போதே கட்டியாக உறைந்து கையில் கிடைத்தால் பரிசோதனையே வேண்டாம். அது கழிவு. ஒப்பீட்டுக் குப்பியும் வேலை முடிந்ததும் கழிவுதான். அதை மறந்து ஐ.எல்.ஆருக்குள் திரும்ப வைத்தவர்களும் உண்டு, அதற்காகத்தான் முதலில் பெரிதாக எழுதச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கிடைத்த முடிவு இது. தரையில் இருந்த ஹெபடைட்டிஸ் பி ஒப்பீட்டுக் குப்பியோடு சேர்ந்தே படிந்தது. தரையில் இருந்த பென்டாவேலன்ட்டும் அப்படியே. மேல்தட்டு பென்டாவேலன்ட் அரைமணி நேரம் கழிந்தும் மங்கலாகவே நின்றது. டி.டி.யும் பி.சி.வி.யும் அதே மாதிரி, இரண்டும் தேறின. கூடையில் இருந்த ஐ.பி.வி.தான் சிக்கல். அதில் அலுமினிய உப்பு கிடையாது, அது தெளிந்த திரவம். எவ்வளவு குலுக்கினாலும் படிவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் உறைந்தால் அதுவும் கெடும். குலுக்கல் பரிசோதனை அதற்குப் பொருந்தாது என்பதை என்னோடு இருந்த செவிலியர் அக்காவுக்கு விளக்க வேண்டியிருந்தது. "பார்க்க நல்லா இருக்குல்ல சார், எடுத்துக்கிட்டுப் போறேனே" என்றார். லாகர் மூன்றரை மணி நேரம் பூஜ்யத்துக்குக் கீழே காட்டியிருப்பதை மாவட்டத்துக்குச் சொன்னோம். கழிக்கச் சொன்னார்கள், கழித்தோம்.

கழித்தவற்றைக் கையிருப்புப் பதிவேட்டில் "உறைந்து வீணானவை" என்று தனியாகக் காட்ட வேண்டும். முகாமில் குப்பி திறந்து மிச்சமான வீணோடு இதைச் சேர்த்து எழுதினால் அடுத்த ஜனவரியிலும் அதே கதை நடக்கும், ஏன் நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

அறிகுறி 2: நிலையத்தில் எண் சரி, முகாமில் குப்பி உறைந்திருக்கிறது

இதற்கும் ஐ.எல்.ஆருக்கும் சம்பந்தமில்லை. ஐஸ்பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது எடுத்த குளிரோடு, கேரியருக்குள் வைத்துவிட்டார்கள். மைனஸ் 20-ல் இருந்த ஐஸ்பேக்கை ஒட்டிய பென்டாவேலன்ட் குப்பி உறைவதற்கு அதிக நேரம் ஆகாது.

பதமாக்குவது என்றால் இதுதான்: ஐஸ்பேக்குகளை மேசையில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். மேல் பரப்பில் முதலில் வெண்பனி படியும், பிறகு வியர்க்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் சலசலக்க வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் உள்ளே பனியும் நீரும் கலந்திருக்கிறது, அதாவது பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. நிமிடக் கணக்கு சொல்ல மாட்டேன். மே மாதத்தில் ஒரு நேரம், மார்கழியில் ஒரு நேரம். காதுதான் கணக்கு. எட்டரைக்குச் செவிலியர்கள் வருவார்கள் என்றால் ஏழு, ஏழே காலுக்கே யாராவது ஐஸ்பேக்கை வெளியே எடுத்து வைக்க வேண்டும். அந்த யாராவது யார் என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் புதன்கிழமை உறைந்த ஐஸ்பேக்தான் கேரியருக்குள் போகும்.

கேரியரில் நான்கு ஐஸ்பேக், நடுவில் பிளாஸ்டிக் பையில் குப்பிகள். 16 முதல் 20 குப்பி வரை போதும். டைலுவென்ட்டும் அதே கேரியரில் போக வேண்டும். அதை முதல் நாளே, 24 மணி நேரத்துக்கு முன்பே, ஐ.எல்.ஆரில் வைத்துக் குளிரவிட்டிருக்க வேண்டும். அலமாரியில் சூடாகக் கிடந்த டைலுவென்ட்டை எம்.ஆர். பொடியில் ஊற்றுவது அந்தக் குப்பியை வெயிலில் வைப்பதற்குச் சமம்.

அறிகுறி 3: எண் 8-க்கு மேலே, மின்சாரம் இருக்கிறது

கம்ப்ரஸர் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இதிலிருந்துதான் வழி பிரியும்.

சத்தமே இல்லை என்றால் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, வெளியீடு 220-ஐ ஒட்டிக் காட்டுகிறதா? மின்சாரம் போய்த் திரும்பி வந்த உடனே அது கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடாது, சில நிமிடம் தாமதிக்கும். அது கோளாறு அல்ல, கம்ப்ரஸரைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு. பத்து நிமிடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் வெளியீடு இல்லை என்றால் பிளக், ஃப்யூஸ், அந்தச் சுற்றின் ட்ரிப்பர். ஒருமுறை எங்கள் நிலையத்தில் சுவரைச் சுத்தம் செய்தவர் பிளக்கை உருவிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்திருந்தார். இன்னொரு முறை வெளிநோயாளிகள் பகுதிக்கு ஒரு மின்கெட்டிலை அதே பிளக்கில் சொருகியிருந்தார்கள். ஐ.எல்.ஆர். பிளக்கின் மேல் டேப் ஒட்டி "கழற்றாதீர்" என்று எழுதுவது பார்க்க அசிங்கமாக இருக்கும். பரவாயில்லை.

ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சுவரில் மாட்டி ஓட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. கிராமப்புற லைனில் மாலை வேளை வோல்டேஜ் இறங்கும்போது கம்ப்ரஸர் எரிந்துபோகும். ஒரு ஸ்டெபிலைசரின் செலவு எங்கே, ஒரு பெட்டியின் செலவு எங்கே.

கம்ப்ரஸர் "டிக்" என்று தொடங்கி, சில விநாடி முனகி, நின்று, மறுபடியும் தொடங்கினால் வோல்டேஜ் குறைவு அல்லது உள்ளே சுருள் பழுது. மெக்கானிக் வேலை. நிற்காமல் ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை என்றால் முதலில் நீங்களே பார்க்கக்கூடியவை மூன்று. பின்புறக் குழாய்களில் தூசி படிந்து கம்பளிபோல் இருக்கிறதா? பெட்டி சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி நிற்கிறதா, வெயில் நேரே விழுகிறதா? மூடியின் ரப்பர் காஸ்கெட் இறுக்கமாக இருக்கிறதா? காஸ்கெட்டுக்கு ஒரு தாள் போதும். தாளை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிக்க வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. நான்கு பக்கமும் செய்து பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் வாயு கசிந்திருக்கலாம். நம் கையில் இல்லை.

உள்சுவரில் பனி 5 மில்லிமீட்டருக்கு மேல் படிந்திருந்தால் அதுவே குளிரைத் தடுக்கும். தடுப்பூசியை மாற்றி வைத்துவிட்டுப் பெட்டியை அணைத்துத் தானாக உருக விடுங்கள். கத்தியால் சுரண்டுவதைப் பார்த்திருக்கிறேன். சொல்லவே வேண்டாம்.

எண்ணே பொய்யா என்ற சந்தேகமும் நியாயமானது. இரண்டாவது தெர்மாமீட்டரைப் பழையதன் பக்கத்தில், கூடைக்குள், சுவரில் படாமல் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பொடித்த பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி இரண்டையும் அதில் நிறுத்துங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுவது சரியானது.

அறிகுறி 4: மின்சாரமே இல்லை

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றால் முன்பே தெரியும், பயமில்லை. இரவில் மழை, மரம் விழுந்து லைன் அறுந்தது என்றால்தான் கதை.

ஐ.எல்.ஆர். என்பதன் பயனே இந்த நேரத்துக்குத்தான். சுவருக்குள் உள்ள பனிக்கட்டிப் படலம் நன்றாக உறைந்திருந்தால், ஒரு நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே அது சமாளித்துவிடும். இதில் இரண்டு நிபந்தனை: படலம் முழுதாக உறைந்திருக்க வேண்டும், மூடி மூடியே இருக்க வேண்டும். ஒரு வாரமாக மின்சாரம் விட்டு விட்டு வந்திருந்தால் படலம் பாதி உருகிக் கிடக்கும், அப்போது அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

மின்சாரம் போன நேரத்தை எழுதுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். "குளிர் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடலாம்" என்பதுதான் இந்த நேரத்தில் செய்யக் கூடிய மிகப் பெரிய கேடு. வெளியே தெரியும் திரையை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதினால் போதும். எண் 6-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தால் ஐஸ்பேக்குகளை வெளியே எடுத்துப் பதமாக்கத் தொடங்குவேன். 8 ஆன பிறகு தொடங்கினால் பதமாகக் காத்திருக்கும் நேரத்தில் எண் இன்னும் ஏறும். 8-ஐ நெருங்கும்போது கோல்ட் பாக்ஸுக்கு மாற்றி, உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் வைத்து மூட வேண்டும்.

அடுத்து, சரக்கு எங்கே போகும்? பக்கத்து நிலையமா, வட்டார நிலையமா? அங்கே இடம் இருக்கிறதா, சாவி யாரிடம், இரவில் வண்டி ஓட்டுபவர் யார்? இந்த நான்கும் ஒரே தாளில் எழுதி ஐ.எல்.ஆர். அறைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆன ஓட்டுநரின் எண் இருந்தது. அது தெரிந்தது இரவு பதினொன்றரை மணிக்கு.

எண் 8-ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். இங்கேதான் வி.வி.எம். உதவும். உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் பயன்படுத்தலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கருத்துவிட்டாலோ கழிவு. முதலில் ஓ.பி.வி.யைப் பாருங்கள், அதுதான் வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்கும். 37 டிகிரியில் இரண்டே நாளில் அதன் வி.வி.எம். முடிவுக்கு வந்துவிடும். ஹெபடைட்டிஸ் பி-க்கு அதே வெப்பத்தில் 30 நாள். ஓ.பி.வி. குப்பிகளே வெளுப்பாக இருந்தால் அதே பெட்டியில் அதே நேரம் இருந்த மற்றவற்றைப் பற்றி ஓரளவு நிம்மதி கொள்ளலாம். அப்போதும் ஒவ்வொரு குப்பியையும் பார்த்தாக வேண்டும். பாதி கருத்தவற்றை முன்னால் வைத்து முதலில் செலவழியுங்கள்.

அறிகுறி 5: பதிவேட்டில் எல்லாம் 4.0

இது பெட்டியின் கோளாறு அல்ல. காலை 4, மாலை 4, ஞாயிறு 4, தீபாவளி அன்றும் 4. உண்மையான ஐ.எல்.ஆர். இப்படி நடந்துகொள்ளாது. இரவெல்லாம் மூடியிருந்த பெட்டி காலையில் கொஞ்சம் குறைவாகவும், பகலில் திறந்து மூடிய பெட்டி மாலையில் கொஞ்சம் கூடுதலாகவும் காட்டும். புதன்கிழமை மாலை இன்னும் கொஞ்சம் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் இல்லாத பதிவேடு நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது.

நானும் ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைத் திங்கட்கிழமை நிரப்பியிருக்கிறேன். மேற்பார்வைக்கு வந்த ஒருவர் லாகர் வரலாற்றைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டு, லாகரில் உள்ள குறைந்த அளவையும் கூடிய அளவையும் குறிப்பில் எழுதத் தொடங்கினேன். முறைப்படி ஞாயிறும் விடுமுறையும் உட்பட தினமும் இரண்டு முறை ஒருவர் வந்து பார்க்க வேண்டும். முடியாத இடத்தில் பொய் எண்ணைவிடக் காலிக் கட்டம் மேல்.

தசம எண்ணோடு எழுதுங்கள். 3.4-ஐயும் 2.6-ஐயும் "3" என்று எழுதிவிட்டால், முதல் அறிகுறியில் சொன்ன அந்தப் படியிறக்கம் கண்ணில் படாது. வாரத்துக்கு ஒருமுறை மருத்துவ அலுவலர் கையெழுத்திடும்போது கடைசி எண்ணை மட்டும் பார்க்காமல் நான்கு வார எண்களை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

பழுது பார்த்த பிறகு

மெக்கானிக் "ஓடுது சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போன உடனே தடுப்பூசியைத் திரும்ப வைக்கக் கூடாது. காலிப் பெட்டியை மூடி ஒரு முழு நாள் ஓட விடுங்கள். உள்ளே தெர்மாமீட்டரை மட்டும் வைத்து, இரவில் என்ன ஆனது என்று லாகரில் பாருங்கள். 2-க்கும் 8-க்கும் நடுவில் நிலையாக நின்றால் கோல்ட் பாக்ஸிலிருந்தோ பக்கத்து நிலையத்திலிருந்தோ சரக்கைத் திருப்பி எடுத்து வாருங்கள். வைக்கும்போதே ஒவ்வொரு வி.வி.எம்.மையும் பார்த்து, தொகுதி எண்ணைக் கையிருப்போடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். பதிவேட்டில் கடைசியாக எழுத வேண்டியது ஒரு வரி: எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, அப்போது எண் என்ன.